ஆட்சேர்ப்பாளரின் முதல் தொலைபேசி அழைப்பு: எதைச் சோதிக்கிறார்கள், எவ்வாறு விடையளிப்பது?

(ரொறன்ரோவில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வேலைக்கு விண்ணப்பித்த ஒருவருக்கு நிறுவனத்திலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அன்று. அதற்கு முந்திய சிறு தொலைபேசி உரையாடலே முதலில் வருகின்றது. பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை நீடிக்கும் இவ்வுரையாடலைத் தொலைபேசி முன்தேர்வு எனலாம். எமது வீடுகளில் பலர் இதனை நேர்முகத் தேர்வுக்கு நாள் குறிப்பதற்கான அழைப்பு என்று எண்ணிக் கடைத்தெருவில் நின்றும் பேருந்தில் இருந்தும் பேசிவிடுகின்றனர். பின்னர் நாள் குறிக்கப்படவில்லையே என்று காத்திருக்கின்றனர். தேர்வு நடந்து முடிந்துவிட்டது என்பதை அவர்கள் அறிவதேயில்லை.

இந்த உரையாடல் ஏன் எமது மக்களுக்குச் சிறப்பாக முக்கியமானது என்பதற்கு ரொறன்ரோவிலேயே சான்று உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் பிலிப் ஒரியோபூலோஸ் இந்நகரில் விளம்பரப்படுத்தப்பட்ட வேலைகளுக்கு ஆயிரக்கணக்கான சோதனைச் சுயவிபரக்கோவைகளை அனுப்பி, யாரைத் திரும்ப அழைக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். இந்திய, பாக்கிஸ்தானிய, சீன, கிரேக்கப் பெயர்களைக் கொண்டவர்களும் வெளிநாட்டு அனுபவத்தைக் காட்டியவர்களும் ஆங்கிலப் பெயர் கொண்டவர்களிலும் குறைவாகவே அழைக்கப்பட்டனர். காரணம் கேட்டபோது ஆட்சேர்ப்பாளர்கள் சொன்னது மொழித்திறன் பற்றிய ஐயம். மொழித்திறனைச் சுயவிபரக்கோவையில் எழுதிக் காட்டியபோதும் அந்த இடைவெளி குறையவில்லை. ஆகவே தாளில் தீராத அந்த ஐயத்தை விண்ணப்பதாரர் தம் குரலால் தீர்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு இந்தத் தொலைபேசி அழைப்பே. அந்த ஐயத்தை உறுதிப்படுத்திவிடக்கூடிய இடமும் அதுவே.

அழைப்பவர் யார், அவர் முன்னால் இருப்பது என்ன?

அழைப்பவர் இருவகைப்படுவர். ஒருவர் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிபவர். மற்றவர் பல நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் முகவர். இருவருக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அந்த வேலையை அவர்கள் செய்தவர்கள் அல்லர். கணக்காளரைத் தேடுபவர் கணக்காளர் அல்லர். மென்பொருள் வல்லுநரைத் தேடுபவர் மென்பொருள் எழுதுபவர் அல்லர். பணிப்பிரிவு முகாமையாளர் கொடுத்த நான்கைந்து தேவைகளின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓரிரு வரிக் குறிப்பை எழுதுவதே அவர்களது பணி. அந்தக் குறிப்புத்தான் முகாமையாளரிடம் செல்கின்றது. விண்ணப்பதாரரின் குரல் செல்வதில்லை.

இதிலிருந்து விடையளிக்கும் முறை முழுவதும் பிறக்கின்றது. கேட்பவர் ஒரு வரியில் எழுதிக்கொள்ளக்கூடிய விடையே நல்ல விடை. ஐந்து நிமிட விளக்கத்திலிருந்து அந்த ஒரு வரியை அவரே தேடி எடுக்க நேர்ந்தால், அவர் எடுக்கும் வரி பிழையானதாக இருக்கலாம். அல்லது அந்த இடம் வெறுமையாக விடப்படலாம். முதல் வசனத்திலேயே நேரடி விடை, அதன்பின் ஓர் இலக்கத்தோடு கூடிய சான்று, அதன்பின் நிறுத்தம் என்பதே இதற்கான ஒழுங்கு. சாதாரண வினா ஒன்றுக்கு அரை நிமிடம் போதும். தம்மைப்பற்றிச் சொல்லும்படி கேட்டால் ஒரு நிமிடம் போதும்.

அவர்கள் சோதிப்பவை நான்கு. முதலாவது, மறுத்துவிடுவதற்கான வெளிப்படைக் காரணம் ஏதும் உண்டா என்பது. வேலை செய்யும் சட்ட உரிமை, பணியிடத்திற்கு வரக்கூடிய தன்மை, தொடங்கக்கூடிய நாள், எதிர்பார்க்கும் ஊதியம் என்பன இதில் அடங்கும். இரண்டாவது, விளம்பரத்தில் உள்ள முதன்மைத் தேவைகள் உண்மையாகவே இருக்கின்றனவா என்பது. மூன்றாவது, இந்த வேலை இவருக்கு வேண்டுமா, அல்லது நூறு இடங்களுக்கு அனுப்பியவற்றில் இதுவும் ஒன்றா என்பது. நான்காவது, கேள்வியை விளங்கிக்கொண்டு தெளிவாகப் பேசுகின்றாரா என்பது. இந்த நான்காவதற்கெனத் தனிக் கேள்வி கிடையாது. முழு உரையாடலுமே அதற்கான சோதனையாகும்.

அழைப்பை எடுக்குமுன்

ஆட்சேர்ப்பாளரின் இலக்கம் பல வேளைகளில் அறியாத இலக்கமாகவோ மறைக்கப்பட்ட இலக்கமாகவோ காட்டப்படும். மோசடி அழைப்புகளுக்கு அஞ்சி எல்லாவற்றையும் தவிர்ப்பது வேலை தேடும் காலத்தில் பொருந்தாது. எடுக்க இயலாவிடினும் குரல் அஞ்சல் பெட்டி நிரம்பாமல் இருத்தல் வேண்டும். அதில் விண்ணப்பதாரரின் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாகப் பதிவாகியிருத்தல் வேண்டும். திரைப்படப் பாடலோ விளையாட்டுப் பேச்சோ அங்கு இருந்தால் அழைத்தவர் செய்தி விடாமலே வைத்துவிடக்கூடும்.

சத்தமான இடத்தில் அழைப்பு வந்தால் பேசத் தொடங்காமல் நேரம் கேட்பதே மேல். "அழைத்தமைக்கு நன்றி. பேச விரும்புகிறேன், ஆனால் இப்போது சத்தமான இடத்தில் நிற்கிறேன். இருபது நிமிடத்தில் நான் அழைக்கலாமா? தங்கள் பெயரையும் நேரடி இலக்கத்தையும் தாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் அழைத்தல் வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் எந்த வேலை என்பதைத் தேடி விளம்பரத்தையும் அனுப்பிய சுயவிபரக்கோவையையும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். இதற்காகவே விண்ணப்பித்த ஒவ்வொரு வேலையின் விளம்பரத்தையும் அன்றே சேமித்து வைத்தல் வேண்டும். ஆட்கள் தெரிவாகத் தொடங்கியதும் விளம்பரம் இணையத்திலிருந்து அகற்றப்பட்டுவிடுவது வழமை.

பெயர் பற்றியும் ஒரு சொல். எமது ஆவணங்கள் பலவற்றில் தந்தையின் பெயரே முதலில் நிற்கின்றது. அதனால் அழைப்பவர் தந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்பார். பிள்ளையோ "அவர் இங்கில்லை" என்று சொல்லிவிடுவதும் உண்டு. அது சிரிப்புக்குரியதன்று, வேலையை இழக்கச் செய்யும் தவறு. தம்மை எப்பெயரால் அழைக்கலாம் என்பதை விண்ணப்பதாரர் முதல் வசனத்திலேயே சொல்லி, தேவையாயின் எழுத்துக்கூட்டியும் சொல்லலாம். சுருக்கப் பெயர் பயன்படுத்துவோர் அதையே சுயவிபரக்கோவையிலும் எழுதுதல் வேண்டும். பின்னர் பின்னணிச் சோதனை நடக்கும்போது ஆவணத்தில் உள்ள முழுப்பெயரைக் கொடுக்கலாம்.

வேலை செய்யும் உரிமை பற்றிய கேள்வி

அகதிக் கோரிக்கையாளர்கள், மாணவர் அனுமதியில் வந்து கற்று முடித்தவர்கள், அண்மையில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள் எனப் பலவகையினர் எம்மிடையே உள்ளனர். அவர்களுள் பலர் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். கனடாவில் சட்டப்படி வேலை செய்யும் உரிமை உண்டா என்று கேட்பது முறையானது. அந்த உரிமை எவ்வாறு கிடைத்தது, எந்த நாட்டிலிருந்து வந்தவர், குடியுரிமை பெற்றவரா என்று கேட்பது வேறு. ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை, பிறந்த இடத்தையும் குடியுரிமையையும் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களுள் சேர்த்துள்ளது. அக்காரணங்களால் விண்ணப்பதாரரை வகைப்படுத்தும் கேள்வியை விண்ணப்பப் படிவத்தில் மட்டுமன்றி வாய்மொழியாகக் கேட்பதையும் அக்கோவையின் 23ஆம் பிரிவு தடுக்கின்றது. சட்டமே குடியுரிமையைக் கட்டாயமாக்கும் சில பணிகள் போன்ற விதிவிலக்குகளும் உள்ளன.

இதனை விளக்க ஒரு வழக்கு உண்டு. 2014ஆம் ஆண்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றுக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர் முகமட் ஹசீப், இம்பீரியல் ஓயில் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். கனடாவில் நிரந்தரமாக வேலை செய்யத் தகுதி உண்டா என்று நிறுவனம் கேட்டது. படிப்பு முடிந்ததும் அவருக்கு வேலை அனுமதி கிடைக்கவிருந்தது. எனினும் நிரந்தர வதிவிட உரிமை இருக்கவில்லை. அவர் "ஆம்" என்றார். வேலை அவருக்கே வழங்கப்பட்டது. பின்னர் நிரந்தர வதிவிடத்திற்கோ குடியுரிமைக்கோ சான்று கேட்கப்பட்டபோது அவரால் கொடுக்க இயலவில்லை. வேலை திரும்பப் பெறப்பட்டது. இது குடியுரிமை அடிப்படையிலான பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம் 2018இல் முடிவு செய்து, பின்னர் 1,20,000 டொலருக்கு மேற்பட்ட இழப்பீட்டையும் விதித்தது. 2021இல் பிரிவு நீதிமன்றம் அதனைப் புரட்டியது. 2023இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவை மீண்டும் நிலைநிறுத்தியது.

இவ்வழக்கிலிருந்து கொள்ளவேண்டியவை இரண்டு. தற்காலிக அனுமதி வைத்திருப்பவரை அக்காரணத்துக்காக மட்டும் ஒதுக்கும் பொதுவிதி ஒன்ராறியோவில் சட்டத்திற்கு ஒவ்வாதது. அதேவேளை உண்மையல்லாத விடை அம்மாணவரை ஒன்பது ஆண்டு வழக்கிற்குள் இழுத்துச் சென்றது. ஆகவே விடை சுருக்கமாகவும் உண்மையாகவும் இருத்தல் வேண்டும். நிரந்தர வதிவாளர் "ஆம், எந்த நிறுவனத்திலும் வேலை செய்யும் உரிமை எனக்கு உண்டு" என்று சொல்லி நிறுத்தலாம். திறந்த வேலை அனுமதிப் பத்திரம் உள்ளவர் "ஆம், என்னிடம் திறந்த வேலை அனுமதி உண்டு, அது இன்ன ஆண்டு இன்ன மாதம் வரை செல்லுபடியாகும்" என்று சொல்லலாம். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவரும் இதே வசனத்தையே சொல்லலாம். தம் கோரிக்கையின் கதையைச் சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை. "என்னுடைய வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனால்..." என்று தொடங்கும் விடை கேட்பவரைக் குழப்பும். அவர் எழுதும் குறிப்பு "நிலை தெளிவில்லை" என்பதாக அமைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு அழைப்பு

கொழும்பில் ஓர் ஆடைத் தொழிலகத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து, பின்னர் ஸ்காபரோவில் ஓர் உணவுப்பொருள் மொத்த விற்பனை நிலையத்தில் பதினான்கு மாதங்கள் கணக்கு வேலை பார்க்கும் பெண்ணொருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மிசிசாகாவில் உள்ள ஒரு நடுத்தர நிறுவனத்தில், வழங்குநர்களுக்கான கொடுப்பனவுகளைக் கவனிக்கும் எழுதுவினைஞர் பதவிக்கு அவர் விண்ணப்பித்துள்ளார். விளம்பரத்தில் இரண்டு ஆண்டு அனுபவம், எக்செல் அறிவு, வாரத்தில் மூன்று நாள் அலுவலக வருகை, ஆண்டுக்கு 50,000 முதல் 58,000 டொலர் ஊதியம் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. எஸ்.ஏ.பி. மென்பொருள் தெரிந்திருந்தால் நன்று என்றும் உள்ளது. உரையாடல் ஆங்கிலத்தில் நடைபெறும். இங்கு அதன் பொருள் தமிழில் தரப்படுகின்றது.

முதற் கேள்வி: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." எமது வழக்கப்படி பிறந்த ஊர், கற்ற பாடசாலை, திருமணம், குடிவந்த ஆண்டு என்று தொடங்கினால் நிமிடம் முடிந்துவிடும், வேலைக்குரியது ஒன்றும் பதிவாகியிராது. அவர் இன்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லவேண்டும். "நான் தற்போது ஸ்காபரோவில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் கொடுப்பனவுகளைக் கவனிக்கிறேன், மாதம் ஏறத்தாழ 300 இன்வொய்ஸ்களைச் சரிபார்த்து அனுப்புகிறேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் இதே வேலையைச் செய்தேன். கூடிய அளவு கொடுப்பனவுகளைக் கையாளும் நிறுவனத்தில் பணிபுரிய விரும்புவதால் இதற்கு விண்ணப்பித்தேன்." இவ்வளவே. ஆட்சேர்ப்பாளருக்கு ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம், மாதம் 300 இன்வொய்ஸ், காரணம் என்ற மூன்று குறிப்புகள் கிடைத்துவிட்டன.

இரண்டாவது கேள்வி: "மூன்று ஆவணங்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறை தெரியுமா?" கேட்பவர் அச்சொல்லைப் பட்டியலிலிருந்து வாசிக்கிறார். "தெரியும்" என்ற ஒரு சொல் போதாது. நீண்ட பாடமும் வேண்டியதில்லை. "ஆம், நாள்தோறும் செய்கிறேன். கொள்வனவுக் கட்டளை, பொருள் பெற்ற சீட்டு, இன்வொய்ஸ் மூன்றிலும் அளவும் விலையும் ஒத்திருந்தால் கொடுப்பனவுக்கு அனுப்புவேன். ஒவ்வாவிட்டால் நிறுத்திவைத்துக் கொள்வனவுப் பிரிவிடம் கேட்பேன்." வேலையைச் செய்தவரால் மட்டுமே சொல்லக்கூடிய இந்தச் சிறு விபரம், கேட்பவர் கணக்கறியாதவராயினும் அவருக்கு நம்பிக்கை தரும்.

மூன்றாவது கேள்வி: "எஸ்.ஏ.பி. பயன்படுத்தியிருக்கிறீர்களா?" அவர் பயன்படுத்தியதில்லை. இங்கே இரண்டு தவறுகள் நிகழ்வதுண்டு. ஒன்று, ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்தில் முகாமையாளரிடம் அகப்படுவது. மற்றது, "இல்லை, மன்னிக்கவும்" என்று சொல்லி மௌனமாவது. பொருத்தமான விடை இவ்வாறு அமையும்: "எஸ்.ஏ.பி. பயன்படுத்தவில்லை. இங்கு குவிக்புக்ஸிலும், கொழும்பில் நிறுவனத்தின் சொந்த மென்பொருளிலும் வேலை செய்தேன். இங்கு சேர்ந்து மூன்று கிழமைக்குள் குவிக்புக்ஸில் தனியாக வேலை செய்யத் தொடங்கினேன்." உண்மை சொல்லப்பட்டது, கற்கும் வேகத்திற்கும் சான்று கிடைத்தது.

நான்காவது கேள்வி: "கனடாவில் எவ்வளவு அனுபவம்?" கனடிய அனுபவத்தை வலியுறுத்துவது பாகுபாட்டுக்கு இடமளிக்கும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தமது பொது விளம்பரங்களிலும் அவற்றோடு சேர்ந்த விண்ணப்பப் படிவங்களிலும் கனடிய அனுபவத்தைத் தேவையாகக் குறிப்பிடலாகாது. ஆயினும் தொலைபேசியில் சட்டத்தை வாசித்துக் காட்டுவதால் வேலை கிடைப்பதில்லை. "இங்கு பதினான்கு மாதம், மொத்தமாக ஐந்து ஆண்டுக்கு மேல். இங்குள்ள விற்பனை வரிப் பதிவையும் செய்து வருகிறேன்" என்று சொல்லலாம். வெளிநாட்டு ஆண்டுகளைக் கழித்துவிடாமல் கூட்டிச் சொல்வதே இங்கு முக்கியம்.

ஐந்தாவது கேள்வி: "மிசிசாகாவுக்கு வாரம் மூன்று நாள் வர இயலுமா?" ஸ்காபரோவிலிருந்து நகரின் மறுபக்கத்துக்குச் செல்வது நீண்ட பயணம் என்பது கேட்பவருக்கும் தெரியும். சில மாதங்களில் விலகிவிடுவாரோ என்பதே அவரது ஐயம். "பிரச்சினையில்லை" என்பது அந்த ஐயத்தைத் தீர்க்காது. "ஆம். காலை நேரத்தில் ஒருமுறை சென்று பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது. வாரம் மூன்று நாள் எனக்கு ஏற்புடையது" என்பது தீர்க்கும். உண்மையில் சென்று பார்த்தவரே இதனைச் சொல்லவேண்டும் என்பதைக் கூறத் தேவையில்லை.

ஊதியம் பற்றிய கேள்வி

ஆறாவது கேள்வி ஊதியம். இதில் எமது மக்கள் "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்று பணிவாகச் சொல்லிவிடுகின்றனர். அதனை ஆட்சேர்ப்பாளரால் எழுதிக்கொள்ள இயலாது; எழுதினால் அடிமட்டத்தையே எழுதுவார்.

முன்னர் சொல்லப்பட்ட அதே 2026ஆம் ஆண்டு விதிகளின்படி, 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் ஊதியத்தையோ ஊதிய எல்லைகளையோ குறிப்பிடுதல் வேண்டும். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே ஆண்டுக்கு 50,000 டொலருக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது. மிக உயர் ஊதியப் பதவிகளுக்கு இது பொருந்தாது. ஆகவே கேள்வி வருமுன்பே எல்லைகள் தெரிந்திருக்கும். எடுத்துக்காட்டில் உள்ள பெண் இப்போது மணிக்கு 22.50 டொலர் பெறுகிறார். வாரம் 37.5 மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 1,950 மணி. ஆண்டு ஊதியம் 43,875 டொலர். விளம்பரத்தின் கீழ் எல்லையான 50,000ஐ 1,950ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 25.64, மேல் எல்லை 29.74. இக்கணக்கை முன்னரே செய்து தாளில் எழுதி வைத்திருப்பவர் தொலைபேசியில் தடுமாறமாட்டார். "விளம்பரத்தில் உள்ள எல்லை எனக்கு ஏற்புடையது. ஐந்து ஆண்டு அனுபவத்தைக் கருதி 54,000 முதல் 58,000 வரை எதிர்பார்க்கிறேன்" என்பது போதிய விடை.

"இப்போது எவ்வளவு பெறுகிறீர்கள்?" என்றும் கேட்கப்படலாம். முன்னைய ஊதியத்தைக் கேட்பதைத் தடுக்கும் சட்டமொன்று ஒன்ராறியோவில் 2018இல் நிறைவேற்றப்பட்டும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எனவே கேட்பதற்குத் தடையில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. "இந்தப் பதவிக்குரிய எல்லையைக் கொண்டு பேசவே விரும்புகிறேன், எனது எதிர்பார்ப்பு இது" என்று இலக்கத்தைச் சொல்லலாம். சொல்வதாயின் உண்மையான தொகையைச் சொல்லவேண்டும். கூட்டிச் சொன்னது பின்னர் சரிபார்க்கப்படக்கூடும்.

குரல், செவி, வேகம்

தமிழ் உச்சரிப்பு இருப்பது குற்றமன்று. அதை மறைக்க முயல்வதே பேச்சைக் குழப்பும். முகம் தெரியாத தொலைபேசியில் உண்மையான இடர்கள் வேறு. பதின்மூன்றும் முப்பதும், பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கேட்கும். ஊதியத்தையும் திகதியையும் சொல்லும்போது "ஐந்து, சுழியம்" என்று இலக்கம் இலக்கமாகவும் ஒருமுறை சொல்வது நல்லது. மின்னஞ்சல் முகவரியை எழுத்துக்கூட்டும்போது "வி, விக்ரர் என்பதில் உள்ள வி" என்று சொன்னால் பீயோடும் டபிள்யூவோடும் குழம்பாது.

எம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பிறர் பேசும்போது "ஓம், ஓம்" என்பதைப்போல ஆங்கிலத்திலும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டே கேட்பது. நமக்கு அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதன் அடையாளம்; மறுமுனையில் இருப்பவருக்கு அது கேள்விக்குரிய விடை. வார இறுதியிலும் வேலை செய்வீர்களா என்று அவர் கேட்டு முடிக்குமுன் இரண்டு முறை சம்மதம் பதிவாகிவிடும். கேட்டு முடிக்கும்வரை மௌனமாக இருந்து, பின் ஒரு கணம் தாமதித்து விடையளிப்பதே முறை. விளங்காவிட்டால் "மன்னிக்கவும்" என்று மட்டும் சொல்லாமல், விளங்கிய பகுதியைத் திருப்பிச் சொல்லி மற்றதைக் கேட்கலாம்: "தொடங்கும் திகதியைக் கேட்கிறீர்களா, அல்லது முன்னறிவித்தல் காலத்தையா?" அவ்வாறு கேட்பது மொழிக்குறையாகக் கொள்ளப்படுவதில்லை. பிழையாக விளங்கி நீளமாக விடையளிப்பதே அவ்வாறு கொள்ளப்படும்.

வயது, திருமணம், பிள்ளைகள், மதம் பற்றிய கேள்வி வந்தால் சினந்து வைத்துவிடவும் வேண்டாம், குடும்பக் கதை சொல்லவும் வேண்டாம். அக்கேள்விக்குப் பின்னால் உள்ள வேலைத் தேவைக்கு விடையளிக்கலாம். "சிறு பிள்ளைகள் உண்டா?" என்பதற்கு, "விளம்பரத்தில் உள்ள வேலை நேரம் எனக்கு ஏற்புடையது" என்பதே விடை. கேட்டவர், நாள், கேட்ட சொற்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னர் தேவைப்பட்டால் உதவும்.

முடிக்கும்போதும் முடிந்த பின்னும்

"கேள்விகள் உண்டா?" என்று கேட்டால் ஒன்றோ இரண்டோ போதும்: அடுத்த கட்டம் என்ன, எப்போதளவில் அறியலாம். இதைக் கேட்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2026 முதல், 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், பொது விளம்பரம் மூலம் விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்கு 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை அறிவித்தல் வேண்டும். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு ஆட்களைத் தெரிவதற்கான முன்தேர்வு இவ்விதிக்குள் அடங்காது. எனவே தொலைபேசி முன்தேர்வோடு நின்றுவிட்டவருக்கு எவரும் அறிவிக்கவேண்டிய கடமை இல்லை. சொல்லப்பட்ட நாள் கடந்து இரண்டு மூன்று வேலைநாளில் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பலாம். விடை வராவிடின் அடுத்த விண்ணப்பத்திற்குச் செல்லலாம்.

இறுதியாக மோசடி பற்றி. ஒன்ராறியோவில் வேலை தேடும் வெளிநாட்டவரிடம் ஆட்சேர்ப்பு முகவர் கட்டணம் அறவிடுவது சட்டவிரோதம். 2024 ஜூலை 1 முதல் இத்தகைய முகவர்கள் மாகாண அரசின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் விபரத்தை மாகாண அரசின் இணையத்தளத்தில் பார்க்கலாம். நிறுவனத்தின் சொந்த ஊழியருக்கு இந்த உரிமம் தேவையில்லை. அவரது பெயரைக் கேட்டு, நிறுவனத்தின் பொது இலக்கத்தை அழைத்து உறுதி செய்யலாம். முதல் அழைப்பிலேயே சமூகக் காப்புறுதி இலக்கத்தையோ வங்கி விபரத்தையோ கேட்பவரிடம் கொடுக்கலாகாது. அந்த இலக்கம் வேலை தொடங்கிய பின்னர், மூன்று நாட்களுக்குள் கொடுக்கவேண்டியது. முன்தேர்வில் அதற்கு இடமில்லை. பயிற்சிக்கென்றோ கணினிக்கென்றோ முதலில் பணம் அனுப்பச் சொல்பவர் வேலை தருபவர் அல்லர்.

பெற்றோரிடம் ஒன்று மட்டும். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது அருகில் நின்று விடை சொல்லிக் கொடுப்பதும், ஊதியத்தைக் கூட்டிக் கேள் என்று சைகை காட்டுவதும் மறுமுனையில் கேட்கும். அதைவிட, முந்திய நாள் மாலை இன்னொரு அறையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, இங்கு சொல்லப்பட்ட ஆறு கேள்விகளையும் ஆங்கிலத்தில் கேளுங்கள். கடிகாரத்தை முன்னால் வைத்து, ஒவ்வொரு விடையின் பின்பும் நீங்கள் எழுதிக்கொள்ள முடிந்த ஒரு வரியைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை சொல்ல நினைத்ததும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்தால் அந்த விடை ஆயத்தமாகிவிட்டது. வேறாக இருந்தால் அதை மீண்டும் சுருக்கிச் சொல்லச் செய்யுங்கள்.